மருந்துப் பட்டியலில் நகல் எது, மொழிபெயர்ப்பு எது

கேள்வி: இதுவரை சட்ட ஆவணங்களும் பயனர் கையேடுகளும் மொழிபெயர்த்து வந்தேன். இப்போது ஒரு மருத்துவமனைக்காக, ஆங்கிலம் படிக்கத் தெரியாத நோயாளிகளுக்கு டிஸ்சார்ஜ் சம்மரியைத் தமிழில் எழுதித் தரும் வேலை வந்திருக்கிறது. நோய் விவரத்தையும் பரிசோதனை முடிவுகளையும் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். மருந்துப் பட்டியலுக்கு வந்ததும் பயம் வந்துவிடுகிறது. மருந்தின் பெயரைத் தமிழில் எழுதலாமா? சுருக்கெழுத்துகளை எப்படி விரிப்பது? மூலத்திலேயே ஏதோ விட்டுப்போனதுபோல் தெரிந்தால் நானே சரிசெய்துவிடலாமா? பெயர், விவரங்களை நீக்கிவிட்டு ஒரு பட்டியலை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி

பதில்: வணக்கம். நீங்கள் அனுப்பிய பட்டியலையே வைத்துப் பேசிவிடலாம். இருப்பது ஆறு வரிதான். ஆனால் இந்த வேலையில் ஆளைக் கவிழ்க்கிற இடங்கள் பெரும்பாலும் இதற்குள்ளேயே வந்துவிட்டன.

```
T. METHOTREXATE 7.5 MG WEEKLY ONCE - SUN
T. FOLIC ACID 5 MG OD EXCEPT SUN
T. PREDNISOLONE 10 MG 1-0-0 X 5/7, THEN 5 MG X 5/7, STOP
T. THYROXINE 50 MCG OD AC
T. METFORMIN SR 500 MG - HOLD TILL REVIEW
T. PARACETAMOL 650 SOS
```

ஒவ்வொரு வரியையும் முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர், வீரியத்தைச் சொல்லும் எண், அலகு, பெயருக்குப் பின்னால் ஒட்டிவரும் எஸ்.ஆர். போன்ற எழுத்துகள் ஆகியவை ஒரு பாதி. அவற்றை நகலெடுக்க வேண்டும். எத்தனை, எப்போது, எத்தனை நாள், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பவை மறுபாதி. அவற்றை மொழிபெயர்க்க வேண்டும். முதல் பாதியைப் பொறுத்தவரை நீங்கள் மொழிபெயர்ப்பாளரே அல்ல. பார்த்து எழுதுகிறவர், அவ்வளவுதான். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் அந்த முதல் பாதியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நோயாளிக்குத் தீங்கு வருவதோ பெரும்பாலும் இரண்டாம் பாதியில், அதுவும் ‘எத்தனை முறை’ என்ற இடத்தில்.

பெயரை முதலில் முடித்துவிடுவோம். மூலத்தில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில், அதே எழுத்துக்கூட்டில் இருக்கட்டும். நோயாளிக்கு ஆங்கிலம் தெரியாதே என்று நீங்கள் யோசிப்பீர்கள். அவர் அதைப் படிக்கத் தேவையில்லை. மாத்திரை அட்டையைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, இதுவும் அதுவும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட முடிந்தால் போதும். தமிழில் மட்டும் எழுதினால் அந்த ஒப்பீடு போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு. நம் எழுத்தில் ககரம் ஒன்று, டகரம் ஒன்று, பகரம் ஒன்று. ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்தாக இருக்கும் ஒலிகள் இங்கே ஒரே எழுத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஏற்கெனவே குழப்பம் தரும் பெயர்கள் தமிழில் இன்னும் நெருங்கி வரும். ஹைட்ரலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. இந்த இரண்டையும் ஆங்கிலத்திலேயே மாற்றி எடுத்தவர்கள் உண்டு. தமிழில் ஒருவர் ஒரு மாதிரியும் மற்றவர் வேறு மாதிரியும் எழுதினால் மருந்துக் கடைக்காரர் ஊகிக்க வேண்டியதுதான்.

அதற்காகத் தமிழ் ஒலிப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தொலைபேசியில் செவிலியரிடம் பேசும்போது நோயாளிக்கு உச்சரிக்க ஒரு வடிவம் வேண்டும். மூலப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் அதைக் கொடுங்கள். மருந்து வாங்குவதும் சரிபார்ப்பதும் மேலே உள்ள பெயரை வைத்துத்தான் என்று தாளின் தலைப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். மூலத்தில் நிறுவனம் வைத்த விற்பனைப் பெயர் இருந்தால் அதுவே இருக்கட்டும்; அதை எடுத்துவிட்டு மருந்தின் பொதுப்பெயரைப் போடுவது உங்கள் வேலையல்ல. மெட்ஃபார்மினுக்குப் பின்னால் வரும் எஸ்.ஆர்., மருந்து மெதுவாக வெளியேறும்படி செய்த மாத்திரை என்பதைக் காட்டுகிறது. அது பெயரின் ஒரு பகுதி. அதை விட்டுவிட்டால் அதே வீரியத்தில் சாதாரண மாத்திரையை யாராவது கொடுத்துவிடுவார்கள். நீங்கள் விடக் காரணமும் இருக்கிறது: பார்வைக்கு அது ஏதோ நிறுவனக் குறிபோலத் தெரியும்.

இனி முதல் வரிக்கு வருவோம். இந்தப் பட்டியலில் என் கண் முதலில் போனது அங்கேதான். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவதை அது முடக்கிவிடும். வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாமல் தோலில் ரத்தக்கட்டு என்று ஆரம்பித்து உயிரையே எடுத்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. மற்ற மாத்திரைகளெல்லாம் தினசரி என்னும்போது, இது ஒன்றை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை என்று நினைவில் வைத்துக்கொள்வது எவருக்கும் கடினம். அதனால் இந்த வரியில் சுருக்கம் வேண்டாம். ‘வாரம் ஒருமுறை’ என்பது இலக்கணப்படி சரி. ஆனால் பட்டியலில் மற்ற வரிகள் பலவும் ‘தினம் ஒருமுறை’ என்று இருக்கும்போது, கண் ‘ஒருமுறை’யை மட்டும் பிடித்துக்கொண்டு முதல் சொல்லைத் தாண்டிப் போய்விடும். நான் இப்படித்தான் எழுதுவேன்:

‘வாரத்தில் ஒரே ஒரு நாள் – ஞாயிற்றுக்கிழமை மட்டும். திங்கள் முதல் சனி வரை இந்த மாத்திரை கிடையாது.’

இரண்டாம் வாக்கியம் மூலத்தில் இல்லையே என்று கேட்கலாம். புதிய தகவல் எதையும் அது சேர்க்கவில்லை. அதே விஷயத்தை மறுபக்கத்திலிருந்து சொல்கிறது. ஆனாலும் இப்படிச் சேர்ப்பதற்கு மருத்துவமனையின் ஒப்புதலை முன்பே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த மருந்துகளுக்கு இந்த மறுபக்க வாக்கியம் வேண்டும் என்று அவர்களுடைய மருந்தாளுநர் ஒரு சிறு பட்டியல் தந்துவிட்டால், பிறகு ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதில்லை.

அதே வரியில் இன்னொரு குறை இருக்கிறது. 7.5 மில்லிகிராம் என்கிறது. எத்தனை மாத்திரை என்று சொல்லவில்லை. இந்த மருந்து 2.5, 5, 7.5, 10 என்று பல வீரியங்களில் வருகிறது. நோயாளியின் பையில் இருப்பது 2.5 என்றால் மூன்று மாத்திரை, 7.5 என்றால் ஒன்று. நீங்கள் ‘ஒரு மாத்திரை’ என்று எழுதினால் முதல் நிலையில் மூன்றில் ஒரு பங்கு மருந்துதான் போகும். நீங்களே வகுத்துப் பார்த்து ‘மூன்று மாத்திரை’ என்று எழுதினால், இரண்டாம் நிலையில் மூன்று மடங்கு போய்விடும். மில்லிகிராமை மாத்திரையாக மாற்றும் கணக்கை மொழிபெயர்ப்பாளர் செய்யக் கூடாது, அது எவ்வளவு எளிதாகத் தெரிந்தாலும். எந்த வீரியம் கொடுத்து அனுப்பினார்கள் என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகுதான் எண்ணிக்கை. மாத்திரை எண்ணிக்கையை எழுத்திலும் வீரியத்தை எண்ணிலும் வைத்துக்கொள்வது என் பழக்கம். ‘மூன்று மாத்திரை, ஒவ்வொன்றும் 2.5 மில்லிகிராம்’ என்றால் இரண்டு எண்கள் ஒன்றையொன்று தின்னாது. அரை மாத்திரைக்கும் இதுவே பாதுகாப்பு. ஒன்றுக்குக் கீழே இரண்டு என்று பின்னமாக எழுதினால் ‘ஒன்று அல்லது இரண்டு’ என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். ‘அரை மாத்திரை’ என்று எழுதினால் யாரும் தவறாகப் படிப்பதில்லை.

ஃபோலிக் அமில வரி முதல் வரியோடு பிணைந்தது. ஃபோலிக் அமிலம் ஞாயிறு தவிர மற்ற நாள்கள், மெத்தோட்ரெக்சேட் ஞாயிறு மட்டும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, ஒரே வாக்கிய அமைப்பில் எழுதுங்கள். ஒன்றில் ‘மட்டும்’, மற்றதில் ‘தவிர’ என்பவை தடித்த எழுத்தில் இருக்கட்டும். இரண்டும் இடம் மாறினால் நடப்பது மேலே சொன்ன விபரீதம்தான்.

இங்கே நம் மொழியின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். ‘ஐந்து நாளைக்கு ஒரு மாத்திரை’ என்று எழுதிப் பாருங்கள். ஐந்து நாள் வரை தினம் ஒன்று என்றும் கொள்ளலாம், ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒன்று என்றும் கொள்ளலாம். பேச்சில் குரல் காப்பாற்றிவிடும், தாளில் காப்பாற்றாது. ‘ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை’ என்பதும் அப்படியே. இரண்டையும் சேர்த்து விழுங்குவதா, காலையில் ஒன்று இரவில் ஒன்றா? ஆகவே ‘நாளைக்கு’ என்ற சொல்லை மருந்து வரிகளில் நான் பயன்படுத்துவதே இல்லை. வேளைகளைப் பிரித்துக் கட்டங்களாகப் போட்டுவிடுவேன்: காலை, மதியம், மாலை, இரவு. மாத்திரை இல்லாத கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அச்சில் விட்டுப்போனதா, இல்லை வேண்டாம் என்பதா என்று தெரியாமல் போகும். ‘இல்லை’ என்று எழுதுங்கள்.

ஓ.டி. என்றால் நம் மருத்துவமனைகளில் தினம் ஒருமுறை. கண் மருத்துவச் சீட்டில் அதே இரண்டு எழுத்து வலது கண்ணைக் குறிக்கும். சொட்டு மருந்து வரியில் வந்தால் நிதானியுங்கள். பி.டி. இரண்டு முறை, டி.டி.எஸ். மூன்று முறை, எச்.எஸ். படுக்கப் போகும்போது, ஏ.சி. உணவுக்கு முன், பி.சி. உணவுக்குப் பின். இவற்றை விரிப்பது எளிது. ஆனால் ஓ.டி. ‘தினம் ஒருமுறை’ என்று மட்டும் சொல்கிறது, காலையா இரவா என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதற்காக ‘காலை’யில் போட்டுவிட்டால், மருத்துவர் சொல்லாத ஒன்றை நீங்கள் சொன்னதாகிவிடும். அதேபோல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மூலம் சொன்னால் அதை ‘மூன்று வேளை’ என்று ஆக்கிவிடாதீர்கள். சாப்பாட்டோடு சேர்த்து மூன்று வேளை போட்டால் இரவில் பன்னிரண்டு மணி நேர இடைவெளி விழுந்துவிடும்.

மூன்றாவது வரி. சட்டத் துறையிலிருந்து வந்தவர் என்பதால், அந்த ‘ஐந்தின் கீழ் ஏழு’ உங்களுக்குத் தேதியாகவோ பின்னமாகவோ தெரிந்திருக்கும். அது ஐந்து நாள். மருத்துவர்கள் சிலர் நாள்களை ஏழின் மேலும், வாரங்களை 52-இன் மேலும், மாதங்களை 12-இன் மேலும் எழுதுவார்கள். கீழே 52 இருந்தால் வாரம், 12 இருந்தால் மாதம். இது ஜூலை 5 வரை என்று மொழிபெயர்ப்பாகிப் போனால், பத்து நாளில் முடிய வேண்டிய ஸ்டீராய்டு எத்தனை நாள் போகும் என்பதை நாள்காட்டிதான் தீர்மானிக்கும்.

இப்படிப் படிப்படியாகக் குறையும் மருந்துக்கு ‘5 நாள், பிறகு 5 நாள்’ என்று எழுதினால் போதாது, தேதி வேண்டும். தேதி போட உங்களுக்கு ஒரு தகவல் தேவை: டிஸ்சார்ஜ் ஆன நாளின் காலை டோஸ் மருத்துவமனையிலேயே கொடுத்தாயிற்றா? கொடுத்திருந்தால் முதல் நாள் இன்றா நாளையா? இதைக் கேட்காமல் தேதி போடாதீர்கள். போடும்போது ‘12ஆம் தேதி வரை’ என்று முடிக்க வேண்டாம். 12 சேர்ந்ததா சேராததா என்ற கேள்வி எழும். ‘12ஆம் தேதி காலையில் கடைசி மாத்திரை. 13ஆம் தேதி முதல் வேண்டாம்’ என்றால் சந்தேகமில்லை. அளவு மாறும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி வரி கொடுங்கள். ‘பிறகு’ என்ற சொல்லுக்குள் இரண்டாம் அளவை ஒளித்து வைத்தால், முதல் அளவையே பத்து நாளும் போடுகிறவர்கள் உண்டு.

உண்மையில் எல்லா மருந்துக்கும் ‘அடுத்த வேளை எப்போது’ என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொள்வது நல்லது. வீட்டுக்குப் போன முதல் ராத்திரியில்தான் அதிகம் குழம்புகிறார்கள். இரவு மாத்திரை வார்டிலேயே கொடுத்தார்களா என்று தெரியாமல் இன்னொன்றும் போட்டுவிடுவார்கள். மூலத்தில் அந்தத் தகவல் இருக்காது. செவிலியரிடம் கேட்டு நிரப்ப வேண்டும்.

தைராக்சின் வரியில் இருப்பது மைக்ரோகிராம். மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதைத் தமிழில் சுருக்கவே கூடாது. ‘மி.கி.’, ‘மை.கி.’ என்று எழுதினால் ஒரு உயிர்மெய்க் குறிதான் வித்தியாசம். ‘மி.கி.’யும் ‘மி.லி.’யும் அதைவிட மோசம். குழந்தைகளுக்கான திரவ மருந்தில் 5 மில்லிலிட்டருக்குள் 125 மில்லிகிராம் இருக்கும்போது, இந்த இரண்டும் ஒரே வரியில் வந்து நிற்கும். மைக்ரோகிராம், மில்லிகிராம், மில்லிலிட்டர் என்று முழுதாக எழுதுங்கள்; இடம் போனால் போகட்டும். மாத்திரை அட்டையில் உள்ள ஆங்கில அலகு, மூலப் பெயர்க் கட்டத்தில் எண்ணோடு ஒட்டி அப்படியே இருக்கும் என்பதால் ஒப்பிடுவதற்குக் குறைவில்லை. 50 மைக்ரோகிராமை 0.05 மில்லிகிராம் என்று மாற்றுவதும் வேண்டாம். கணக்கு சரி, ஆனால் அட்டையில் அந்த எண் இல்லை.

கணினியால் வரும் கேடுகளையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மைக்ரோகிராமில்தான் அது மிக மோசம். பழைய ஆவணங்கள் சிலவற்றில் மைக்ரோவைக் குறிக்கும் கிரேக்க எழுத்தை ‘சிம்பல்’ என்ற எழுத்துருவில் எம் என்ற ஆங்கில எழுத்தைத் தட்டித்தான் வரவழைத்திருப்பார்கள். நீங்கள் அந்தப் பகுதியை நகலெடுத்து வேறு எழுத்துருவில் ஒட்டினால் கிரேக்க எழுத்து போய் எம் என்றே நிற்கும். மைக்ரோகிராம் மில்லிகிராமாகி, அளவு ஆயிரம் மடங்காகிவிட்டது. திரையில் எதுவும் தவறாகத் தெரியாது. யூனிக்கோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் நேர்வது இதற்கு எதிர்ப்பக்கம்: ஆங்கிலத்தில் விட்ட மருந்துப் பெயர் அந்த எழுத்துருவுக்கு மாறியதும் பொருளில்லாத தமிழ் எழுத்துகளாகத் தெரியும். இதாவது கண்ணில் படும். அட்டவணைச் செயலியில் ‘1-1-1’ என்று தட்டினால் அது 2001 ஜனவரி முதல் தேதியாக மாறிக்கொள்ளும். கட்டங்களை முன்பே ‘உரை’ என்று அமைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எண்ணும் அலகும் வரி முடிவில் பிரிந்து போகாமல் இருக்க, இடையில் பிரியாத இடைவெளியைப் போடுங்கள்.

ஒரு கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சீக்கிரமே வரும். மூலத்தில் 5.0 மில்லிகிராம் என்று இருந்தால் அப்படியே எழுதுவதா? புள்ளி மங்கினால் அது 50. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் வெளியிட்ட ‘பயன்படுத்தக் கூடாதவை’ பட்டியலில், புள்ளிக்குப் பின் தேவையில்லாமல் வரும் பூஜ்யமும், புள்ளிக்கு முன் பூஜ்யம் போடாமல் விடுவதும், யூனிட்டைக் குறிக்கும் யு என்ற தனி எழுத்தும் இருக்கின்றன. யு கையெழுத்தில் பூஜ்யமாகத் தெரிந்து, 4 யூனிட் இன்சுலின் 40 ஆகிவிடும். மூலத்தில் இப்படி ஏதாவது இருந்தால் மூலக் கட்டத்தில் கைவைக்காதீர்கள். தமிழ்ப் பகுதியில் ‘5’, ‘0.5’, ‘4 யூனிட்’ என்று எழுதலாம் என்று மருத்துவமனையிடம் ஒருமுறை நிலையான அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினை யூனிட்டிலிருந்து மில்லிலிட்டருக்கு மாற்றுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 100 உள்ளதும் இருக்கிறது. சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு.

மெட்ஃபார்மின் வரி சிறியது, ஆனால் வழுக்கும். அதில் உள்ள ஆங்கில வினைக்கு அகராதி ‘பிடித்து வை’, ‘வைத்திரு’ என்று பொருள் சொல்லும். இங்கே அதன் கருத்து தற்காலிகமாக நிறுத்து என்பது. ‘இப்போது போட வேண்டாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவர் சொன்னால் மட்டும் மறுபடி தொடங்கவும்’ என்று எழுதுங்கள். இந்த வரி மற்ற மருந்துகளின் பட்டியலுக்குள் இருக்கவே கூடாது. ‘இப்போது போடக் கூடாதவை’ என்று தனித் தலைப்பின் கீழ் போக வேண்டும். நோயாளி பட்டியலைப் பார்ப்பது எதைப் போட வேண்டும் என்று தெரிந்துகொள்ள. அதன் நடுவில் ஒரு ‘போடாதே’ இருந்தால் கை தானாக அட்டையைப் பிரித்துவிடும். வீட்டில் பழைய மெட்ஃபார்மின் அட்டை பாதி மீதம் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசி வரி: பாரசிட்டமால் 650. அலகு இல்லை, எதற்கு என்று இல்லை, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை என்று இல்லை. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். 650 மில்லிகிராம்தான் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரிந்தாலும் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். காய்ச்சலுக்கா வலிக்கா என்பது ஊகத்தில் வராது. அதிகபட்ச எண்ணிக்கை கல்லீரலின் நிலையைப் பொறுத்தது. அது மருத்துவருக்குத்தான் தெரியும்.

ஆக, நீங்களே சரிசெய்யலாமா என்பதற்கு என் பதில், கூடாது. ஆனால் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ‘இது சரிதானா?’ என்று கேட்டால், நாற்பது நோயாளிகளைப் பார்த்து முடித்த மருத்துவர் ‘சரி’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ‘ஆம்’ என்று பதில் சொல்ல முடியாதபடி கேள்வியை அமையுங்கள். மூல வரியை அப்படியே எழுதி, கீழே தேர்வுகளைக் கொடுத்து, டிக் போட இடம் விடுங்கள். உங்கள் முதல் வரிக்கு நான் இப்படிக் கேட்பேன்:

‘T. METHOTREXATE 7.5 MG WEEKLY ONCE - SUN. கொடுத்து அனுப்பியது: 2.5 மில்லிகிராம் மாத்திரையா, 7.5 மில்லிகிராம் மாத்திரையா, வேறா? ஞாயிறு எந்த வேளை: காலையா, இரவா? முதல் டோஸ் எந்தத் தேதி?’

அரை நிமிடத்தில் பதில் வந்துவிடும். தொலைபேசியில் பதில் சொன்னால் நீங்கள் எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டுங்கள். எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். ‘பதினைந்து’ என்று மட்டும் சொல்லாமல் ‘ஒன்று, ஐந்து – பதினைந்து’. யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று வரிக்குப் பக்கத்தில் குறித்து, பிறகு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராத வரியை ஊகத்தில் நிரப்பி அனுப்பாதீர்கள். ‘இந்த மருந்தைப் பற்றிச் செவிலியரிடம் கேட்ட பிறகே தொடங்கவும்’ என்று தமிழ்க் கட்டத்தில் எழுதி, அதை வார்டுக்கும் தெரிவித்துவிடுங்கள்.

சரிபார்ப்புக்கு இரண்டாவது ஆள் கட்டாயம். எழுதியவரே எத்தனை முறை படித்தாலும், தான் எழுத நினைத்ததைத்தான் படிப்பார். உங்கள் தமிழ்த் தாளை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர் மூலத்தை மட்டும் பார்க்கட்டும். கடைசி வரியிலிருந்து முதல் வரிக்கு வாருங்கள். வரிசை பழகிப்போன கண்ணுக்கு அப்போதுதான் இடம் மாறிய எண் தெரியும். எல்லா எண்களும் இருக்கின்றனவா என்று மொத்தமாக எண்ணிப் பார்ப்பது போதாது. ஃபோலிக் அமிலத்தின் 5-உம் பிரட்னிசலோனின் 10-உம் இடம் மாறியிருந்தாலும் எண்ணிக்கை சரியாகத்தான் வரும். ஒவ்வொரு வரியிலும் பெயர், எண், அலகு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

தாள் நோயாளி கைக்குப் போகும்போது வார்டில் ஒருவர் சோதித்துப் பார்க்க வேண்டும். ‘புரிந்ததா’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மாத்திரை அட்டைகளையெல்லாம் மேசையில் பரப்பி, ‘அம்மா, இன்றைக்கு ராத்திரி எது எது போடுவீங்க, எடுத்துக் காட்டுங்க’ என்று கேட்கச் சொல்லுங்கள். ‘வர்ற புதன்கிழமை?’ என்பது அடுத்த கேள்வி. புதன்கிழமை அவர் கை மெத்தோட்ரெக்சேட் அட்டைக்குப் போனால் உங்கள் முதல் வரியை மாற்றி எழுத வேண்டும். எந்த வரியில் தடுமாறினார் என்பதை உங்களுக்குத் தெரிவிக்கும்படி செவிலியரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

தாளின் அடியில் மூல ஆவணத்தின் தேதியும், இது அந்தத் தேதிப் பட்டியலின் மொழிபெயர்ப்பு என்பதும், இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் மாத்திரை போடுவதற்கு முன் எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்பதும் இருக்கட்டும். ‘மூலமே செல்லும்’ என்ற சட்ட வாசகம் இங்கே உதவாது. மூலத்தைப் படிக்க முடியாதவருக்குத்தானே எழுதுகிறோம். மறுபடி பார்க்கப் போகும் நாளில் மருத்துவர் அளவை மாற்றினால் பழைய தாளில் பேனாவால் திருத்திக் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவமனையிடம் சொல்லுங்கள். புதிய தாள் அடித்து, பழையதை வாங்கிக் கிழித்துவிட வேண்டும்.